முதலில் ஸ்கேனா, இரத்தமா? நின்றுபோன மாதவிலக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. படமும்

சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர் திங்கட்கிழமை காலையில் ஓ.பி.க்கு வந்திருந்தார். வயது 28. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு வயதில் ஒரு பையன். கூட மாமியார் வந்திருந்தார், கையில் பெரிய எம்.ஆர்.ஐ. கவர்.

அன்றைக்கு கேஸ் பிரசென்ட் செய்ய வேண்டிய இறுதியாண்டு மாணவி அந்தக் கவரிலிருந்தே ஆரம்பித்தாள். "மேடம், 28 வயதுப் பெண், பிட்யூட்டரி மேக்ரோஅடினோமாவினால் வந்த இரண்டாம் நிலை மாதவிலக்கின்மை." மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் பெரிய கட்டி, அதனால்தான் மாதவிலக்கு நின்றது என்கிறாள். படத்தைக் கவருக்குள் போட்டு மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்தப் படத்தை நிரூபிக்கத்தான் போகும்.

"நீங்களே சொல்லுங்க அம்மணி, என்ன பிரச்சினை?" என்றேன்.

"தூரமாகி ஏழு மாசமாச்சுங் மேடம்."

இதுதான் கேஸ். முன்பு ஒழுங்காக மாதவிலக்கு வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு 3 மாதம் வராமல் இருந்தாலோ, முன்பே ஒழுங்கில்லாமல் இருந்தவருக்கு 6 மாதம் வராமல் இருந்தாலோ அதை இரண்டாம் நிலை மாதவிலக்கின்மை என்கிறோம். இரண்டில் எந்தக் கணக்கு பார்த்தாலும் இவர் உள்ளே வருகிறார்.

மாணவர்களிடம் இந்தக் கேஸைக் கொடுத்தால் எல்லாருக்கும் காரணங்களின் பட்டியல் தெரிகிறது. எந்தப் பரிசோதனையை எதற்குப் பின் செய்வது என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். வழக்கத்தில் மூன்று வரிசைகள் இருக்கின்றன. ஒன்று, முதலில் ஸ்கேன். இரண்டு, ஒரே நாளில் எல்லா இரத்தப் பரிசோதனையும். மூன்று, பழைய பாடநூல் ஏணி, ஒவ்வொரு படியாக. இந்தப் பெண் முதல் வரிசையில் ஏற்கெனவே போய் வந்தவர். அதனால் அவரை வைத்தே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஸ்கேனில் தொடங்கியபோது என்ன ஆனது

இரண்டு வருடத்துக்கு முன்புவரை 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வந்துகொண்டிருந்தது. அப்புறம் சில மாதம் கட்டிகட்டியாக அதிகம் போயிற்று. பிறகு 45 நாள், 60 நாள் என்று தள்ளிப்போனது. அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்று நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனார். இரண்டு பக்கச் சினைப்பையும் 12 மி.லி. அளவு, ஓரமெல்லாம் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "பாலிசிஸ்டிக் தோற்றம்". அன்றிலிருந்து இவர் பி.சி.ஓ.டி. நோயாளி ஆகிவிட்டார்.

மூன்று மாதம் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். மாதாமாதம் இரத்தம் வந்தது. "சரியாப் போச்சுன்னு நெனைச்சுட்டோமுங்" என்றார் மாமியார். மாத்திரையை நிறுத்தியதும் நின்றது. அதுதான் இந்த ஏழு மாதம். இடையில் வேறொரு இடத்தில் பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் மட்டும் பார்த்தார்கள், 74 நானோகிராம் வந்தது. 25க்குள் இருக்க வேண்டியது. உடனே மூளைக்கு எம்.ஆர்.ஐ. பிட்யூட்டரி 13 மி.மீ. உயரம், மேல்பக்கம் குவிந்திருக்கிறது, அடினோமாவாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். அந்தப் படத்துக்குப் போனது மூன்று வாரச் சம்பளம்.

ஸ்கேன் தப்பாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சினைப்பை உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. தப்பு நடந்தது அதற்குப் பெயர் வைத்ததில். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ்., அதாவது வழக்கில் சொல்லும் பி.சி.ஓ.டி., என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அந்த வாக்கியத்தின் பின்பாதி, "தைராய்டு, புரோலாக்டின் உள்ளிட்ட மற்ற காரணங்களை விலக்கிய பிறகு" என்பது. அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பெண்ணுக்கு முகத்தில் முடி இல்லை, பரு இல்லை. தைராய்டு யாரும் பார்க்கவே இல்லை. ஸ்கேனில் தெரியும் கொப்புளங்கள் முட்டை வெளியேறாமல் தங்கிய நுண்பைகள். முட்டை ஏன் வெளியேறவில்லை என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் கிடையாது.

இதைச் சொல்வதால் ஸ்கேன் முதலில் வரவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கருக்கலைப்புக்காகவோ பிரசவத்துக்குப் பின்போ கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு மாதவிலக்கு நின்றிருந்தால் ஒட்டுதல் இருக்கிறதா என்று கர்ப்பப்பையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில மாதங்களுக்குள் குரல் கரகரத்து, மீசை முளைத்து வருபவருக்கு ஆண் ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கலாம். அங்கேயும் டெஸ்டோஸ்டிரோனும் ஸ்கேனும் உடனே வேண்டும். கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் அடுத்த படியே ஸ்கேன்தான். மூன்றிலும் ஸ்கேனிடம் கேட்க நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பெண்ணை அனுப்பியபோது கேள்வி எதுவும் இல்லை.

படம் மேசைக்கு அடியில் இருந்தபோது கிடைத்தவை

மாணவி மீண்டும் கேட்கத் தொடங்கினாள். பிரசவம் சாதாரணமாக ஆனது, அதிக இரத்தப்போக்கு இல்லை, ஒன்றரை வருடம் தாய்ப்பால் கொடுத்தார், பின்பு மாதவிலக்கு ஒழுங்காகத் திரும்பியது. பிரசவத்தில் அதிக இரத்தம் போய்ப் பிட்யூட்டரி செயலிழக்கும் ஷீஹன் நோய்க்குறி இதிலேயே கழிந்தது. சுரண்டல் எதுவும் செய்ததில்லை. மாத்திரை சாப்பிட்ட மூன்று மாதமும் இரத்தம் வந்தது என்பது இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. ஹார்மோன் கொடுத்தால் கர்ப்பப்பை உட்படலம் வளர்கிறது, வெளியேறும் வழியும் திறந்திருக்கிறது. ஆக, கோளாறு கர்ப்பப்பையில் இல்லை. காசு செலவில்லாமல் ஒரு பெரிய பகுதி இப்படிக் கழிந்துவிட்டது.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்."

"வயித்துக்கு?"

"கேஸ் மாத்திரை மட்டுந்தானுங். அது மெடிக்கல்ல வாங்குனதுங்."

இந்தக் கேள்வியை நான் எல்லா மாணவர்களிடமும் வற்புறுத்துகிறேன். கேஸ் மாத்திரையை நம்மூரில் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல்கள் ஏராளமாக விற்கின்றன. டோம்பெரிடோன் டோபமைனைத் தடுக்கிறது, புரோலாக்டினை அடக்கி வைத்திருப்பதே டோபமைன்தான். ஆகவே அந்தக் கேப்சூல் ஒன்றே புரோலாக்டினை ஏற்றிவிடும். பெண்ணின் பையில் பழைய அட்டை இருந்தது, டோம்பெரிடோன் உண்டு. 74 வந்த சமயத்தில் தினமும் சாப்பிட்டிருக்கிறார், ஆனால் இரண்டு வாரமாக நிறுத்தியாயிற்று. இப்படிப்பட்ட மருந்தை நிறுத்த முடிந்தால் குறைந்தது 3 நாள் இடைவெளி விட்டு மறுபடி அளந்தால் போதும். மனநல மருந்து என்றால் மட்டும் நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வயிறு ஏன் உப்புசமாக இருக்கிறது என்று கேட்டால் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறார். எடை 5 கிலோ ஏறியிருக்கிறது. சித்திரை வெயிலிலும் மின்விசிறி வேண்டாம் என்கிறாளாம், மாமியார் சொன்னார். நாடித்துடிப்பு 56. கண்ணிமை வீங்கியிருந்தது, கழுத்தில் தைராய்டு லேசாகப் புடைத்திருந்தது.

நாற்காலியில் மண்டியிட்டு ஏறச் சொல்லி, பாதம் வெளியே தொங்க, குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டச் சொன்னேன். பாதம் உடனே இழுத்தது. திரும்பி வரத்தான் நேரம் எடுத்தது, தண்ணீருக்குள் அசைவது போல. மாணவி இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "மேடம், டி.எஸ்.எச். பார்க்கலையே" என்றாள். தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் அது, தைராய்டு தளர்ந்தால் ஏறும்; பாதம் இப்படி மெதுவாகத் திரும்புவதும் தைராய்டு தளர்ச்சியின் அடையாளம்.

ஏணியா, மொத்தமா?

இங்கேதான் மற்ற இரண்டு வரிசைகளையும் எடை போட வேண்டும்.

பாடநூல் ஏணி இப்படிப் போகும். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது. டி.எஸ்.எச்., புரோலாக்டின். அவை சரியாக இருந்தால் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையைத் தினம் 10 மி.கி. 10 நாள் கொடுத்து, முடித்த ஒரு வாரத்துக்குள் இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் ஈஸ்ட்ரோஜனும் சேர்த்து ஒரு சுற்று. அதன் பிறகு சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச். தேர்வில் இதை அழகாக வரைந்து காட்டலாம். கணக்குப் போட்டால் கடைசிப் படிக்கு வருவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிடும். தாராபுரத்திலிருந்தோ அந்தியூரிலிருந்தோ பஸ் ஏறி வருபவருக்கு ஒவ்வொரு படியும் ஒரு நாள் கூலி. இரண்டாவது படியிலேயே வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

புரோஜெஸ்டிரோன் சோதனை தரும் பதிலும் அவ்வளவு உறுதியானது அல்ல. இரத்தம் வந்தால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஓரளவு இருக்கிறது, வழி திறந்திருக்கிறது, அவ்வளவுதான். நோயின் பெயர் தெரியாது. சினைப்பை செயலிழக்கத் தொடங்கிய பெண்ணுக்கும் சில சமயம் இரத்தம் வந்துவிடும். அவரிடம் "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பினால் அது பெரிய பிழை. நீண்ட நாள் இரத்தம் வராமல் உட்படலம் தடித்திருப்பவருக்கு மருந்தாக இதைக் கொடுக்கலாம். நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக நான் இதைப் பெரிதாக நம்புவதில்லை.

மறுகோடியில் இருக்கிறது மொத்தப் பட்டியல். இருபது பரிசோதனை, ஒரே ஊசி, ஒரே பில். ஒரே நாளில் முடிவது மட்டும்தான் இதில் எனக்குப் பிடித்தது. பட்டியல் நீளமானால் காரணமில்லாமல் எல்லை தாண்டிய எண் ஒன்றிரண்டு வந்தே தீரும். வெறும் வயிற்று இன்சுலின் கொஞ்சம் கூடுதல் என்று ஒரு வரி இருந்தால் போதும், இந்தப் பெண்ணின் பி.சி.ஓ.டி. பட்டம் இன்னும் கெட்டியாகியிருக்கும்.

நான் செய்வது இரண்டுக்கும் நடுவில். வந்த அன்றே ஓ.பி.யிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. இவரது ஃபைலில் ஸ்கேன் இருந்தது, எம்.ஆர்.ஐ. இருந்தது, யூ.பி.டி. எங்கேயும் இல்லை. "அதெல்லாம் இருக்காதுங் மேடம்" என்றார். இருந்தாலும் செய்தோம், நெகட்டிவ். பிறகு ஒரே ஊசியில் நாலு: டி.எஸ்.எச்., புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடயால். முடி, பரு இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் சேரும். ஸ்கேன் தேவையா, எதை ஸ்கேன் செய்வது என்பதை இந்த நாலும் வந்த பிறகு முடிவு செய்வது.

இரண்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டாமா என்று மாணவி கேட்டாள். மாதவிலக்கே இல்லாதவருக்கு இரண்டாம் நாள் எங்கிருந்து வரும்? இரத்தப் பரிசோதனைக்காகவே மாத்திரை கொடுத்து இரத்தம் வரவழைத்து, அதன் இரண்டாம் நாளுக்காகக் காத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். தேவையில்லை. எந்த நாளிலும் எடுக்கலாம். எடுத்த இரண்டு வாரத்துக்குள் தானாக மாதவிலக்கு வந்துவிட்டால் மட்டும் எஃப்.எஸ்.எச். அளவைச் சந்தேகத்தோடு படியுங்கள், முட்டை வெளியேறும் சமயத்து ஏற்றமாக இருக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் எடுத்தாலும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

இன்னொன்று. மார்பை அழுத்திப் பால் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன் இரத்தம் எடுத்துவிடுங்கள். புரோலாக்டின் பெரும்பாலும் ஏறாது, ஆனால் அப்புறம் அந்தச் சந்தேகமே வேண்டாம். இவருக்கு அழுத்தினால் இரண்டு பக்கமும் சில துளி வந்தது.

நாலு எண்களையும் எப்படிப் படித்தோம்

டி.எஸ்.எச். 150க்கு மேல். அதைப் பார்த்ததும் மீதியிருந்த இரத்தத்திலேயே தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 கேட்டோம்: 0.3 நானோகிராம், 0.8க்கு மேல் இருக்க வேண்டியது. புரோலாக்டின் 68. எஃப்.எஸ்.எச். 6, ஈஸ்ட்ரடயால் 38 பிகோகிராம்.

எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் போயிருந்தால் சினைப்பை முன்கூட்டியே செயலிழக்கிறது என்று வேறு பாதையில் போயிருப்போம். 6 என்பதால் அது இல்லை. ஆனால் ஏழு மாதமாக மாதவிலக்கு இல்லாமல் ஈஸ்ட்ரடயாலும் தாழ்வாகவே இருக்கும்போது, கோளாறு சினைப்பையில் என்றால் எஃப்.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மேலிருந்து வரும் கட்டளை பலவீனம். அது ஏன் என்பதற்கு டி.எஸ்.எச்.சும் புரோலாக்டினும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

தைராய்டு சுரப்பு குறைந்ததும் மூளையில் பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ், டி.ஆர்.எச். என்ற தூண்டும் ஹார்மோனை அள்ளி ஊற்றுகிறது. அது பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் செல்களைத் தூண்டுகிறது, கூடவே புரோலாக்டின் செல்களையும் தூண்டுகிறது. ஏறிய புரோலாக்டின், சினைப்பைக்கான கட்டளையை ஹைப்போதலாமஸில் தொடங்கிவைக்கும் ஜி.என்.ஆர்.எச். துடிப்பை அடக்குகிறது. அதனால் பிட்யூட்டரியிலிருந்து சினைப்பைக்குப் போகும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். தளர்கின்றன, முட்டை வெளியேறுவதில்லை, மாதவிலக்கு நிற்கிறது. மாதக்கணக்கில் தூண்டப்பட்ட டி.எஸ்.எச். செல்கள் பெருகிப் பெருகிப் பிட்யூட்டரியே வீங்குகிறது. இப்போது எம்.ஆர்.ஐ. படத்தை எடுங்கள் என்றேன்.

ரிப்போர்ட்டை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தோம். சுரப்பி இருபுறமும் சமமாக, மேட்டைப் போலக் குவிந்திருந்தது. சாயம் ஏறியதும் முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. அடினோமா என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்து, நல்ல சுரப்பியை ஓரமாகத் தள்ளியிருக்கும். எண்ணும் பொருந்தவில்லை. புரோலாக்டின் சுரக்கும் கட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு புரோலாக்டின் ஏறும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்கு 200க்கு மேல் எதிர்பார்ப்போம். 13 மி.மீ.க்கு 74 மிகக் குறைவு. 3 செ.மீ. தாண்டிய ராட்சசக் கட்டியாக இருந்து புரோலாக்டின் மட்டும் குறைவாக வந்தால் ஆய்வகத்தில் 100 மடங்கு நீர்த்து மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவு மிஞ்சினால் கருவியே ஏமாந்து குறைத்துக் காட்டும். இங்கே அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ஆக, புரோலாக்டினைப் படிப்பதற்கு முன் டி.எஸ்.எச். கையில் இருக்க வேண்டும், எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவதற்கு முன் கர்ப்பம், மருந்து, தைராய்டு மூன்றும் கழிந்திருக்க வேண்டும். அதன் பின்னும் புரோலாக்டின் ஏறியே இருந்தால் படம் எடுங்கள். பார்வை ஓரங்களில் மறைகிறது என்று சொல்பவருக்கு மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம். டி.எஸ்.எச். பார்க்காமல் இவருக்குப் புரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் கொடுத்திருந்தால் புரோலாக்டின் இறங்கியிருக்கும், மாதவிலக்குகூட வந்திருக்கலாம், தைராய்டு உள்ளே கெட்டுக்கொண்டே இருந்திருக்கும். இப்படி வீங்கிய பிட்யூட்டரியைக் கட்டி என்று நினைத்து அறுவை செய்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

தைராக்ஸின் எழுதுவதற்கு முன் ஒரு பரிசோதனை மட்டும் சேர்த்தோம்: அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால், காலை 8 மணிக்கு. பிட்யூட்டரி வீங்கியிருக்கிறது, தைராய்டுக் கோளாறும் பெரும்பாலும் தன்னெதிர்ப்பு வகை. இரண்டு வழியாகவும் அட்ரினல் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. அதைச் சரிசெய்யாமல் தைராக்ஸின் கொடுத்தால் நோயாளி சரிந்துவிடலாம். 14 மைக்ரோகிராம் வந்தது, நல்ல அளவு. பார்வைப் புலமும் சரியாக இருந்தது. எடை 62 கிலோ, கிலோவுக்கு 1.6 என்ற கணக்கில் லெவோதைராக்ஸின் 100 மைக்ரோகிராமில் தொடங்கினோம்.

எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 38. இறங்கியிருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மருந்தைக் கூட்டிவிடலாம் மேடம் என்றாள் மாணவி. முதலில் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேள் என்றேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் காப்பியோடு மாத்திரை; கூடவே யாரோ கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. இரண்டுமே தைராக்ஸின் குடலில் ஏறுவதைக் குறைக்கும். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, காப்பி ஒரு மணி நேரம் கழித்து, இரும்புச்சத்து இராத்திரிக்கு என்று மாற்றினோம். அளவை மாற்றவில்லை.

அடுத்த வருகைக்கு முன்பே மாமியார் ஃபோன் செய்துவிட்டார், "தூரமாயிட்டாளுங் மேடம்" என்று. ஆறாம் மாதம் டி.எஸ்.எச். 2.8, புரோலாக்டின் 14. எம்.ஆர்.ஐ. திரும்ப எடுத்தோம், அதை எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் வீக்கம் வற்றினால்தான் அது கட்டி இல்லை என்பது உறுதி. பிட்யூட்டரி 7 மி.மீ. சினைப்பையை அன்று ஸ்கேனில் பார்த்தபோது இரண்டும் 7 மி.லி.க்குள் இருந்தன, ஒன்றில் அந்த மாதத்து நுண்பை தனியாகப் பெரிதாகி நின்றது.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்றார். மாத்திரையை நிறுத்தக் கூடாது, டி.எஸ்.எச். 2.5க்குக் கீழ் வந்த பிறகு முயற்சி செய்யலாம், நாள் தள்ளினால் அன்றே வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள், பாசிட்டிவ் என்றால் மருந்தை உடனே கால் பங்கு கூட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். மாணவி அதை ஒரு சீட்டில் தமிழில் எழுதி, புது ஸ்கேன் ரிப்போர்ட்டின் மேல் பின் குத்திக் கொடுத்தாள்.